முந்திக்கொள்ளும் ஆங்கிலம்

தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் மூன்றாவதாக ஒரு மொழியைக் கற்க உட்காரும்போது அவர் தலைக்குள் என்ன நடக்கிறது? டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம். மூன்றாம் மொழி என்று பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரு மொழியைத் தேர்ந்துகொள்வோம். ஜப்பானிய மொழி நமக்கு வசதியானது. சென்னையில் அதைப் படிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஒரு காரணம், அனிமே இன்னொரு காரணம். ஜே.எல்.பி.டி. என்ற தேர்வும் இருக்கிறது. என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து படிகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதப்போகிறேன். உச்சரிப்பு முழுதாக அதில் வராது. ஏன் வராது என்பதே நம் கதையில் ஒரு கட்டம், அதை அப்புறம் பார்ப்போம்.

புதுமொழி கற்பதைப் பற்றி நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தாய்மொழிதான் குறுக்கே நிற்கும், ஆங்கிலம் உதவி செய்யும் என்பது அது. "தமிழில் யோசிக்காதே" என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லப்பட்டிருக்கிறது. ஆங்கிலம் கற்றபோது அது ஓரளவு பொருந்திய அறிவுரைதான். அதையே மூன்றாம் மொழிக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். கையில் இருக்கும் பாடப்புத்தகத்தின் இலக்கண விளக்கமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், ஜப்பானியத்துக்கு ஆங்கிலம்தான் வாசல் என்று நினைத்துவிடுகிறோம்.

மொழியியலாளர்கள் வேறொன்றைக் கவனித்திருக்கிறார்கள். 1998-இல் சாரா வில்லியம்ஸ், பியோர்ன் ஹம்மர்பெர்க் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஆராயப்பட்டவரே சாராதான். அவருடைய தாய்மொழி ஆங்கிலம். இடையில் ஜெர்மன் நன்றாகக் கற்றவர். பிறகு ஸ்வீடனுக்குப் போய் ஸ்வீடிஷ் கற்கத் தொடங்கினார். அவருடைய ஸ்வீடிஷ் உரையாடல்களைத் தொடர்ந்து பதிவுசெய்து, நடுவே எந்த மொழி எட்டிப்பார்க்கிறது என்று பார்த்தார்கள். "இந்தச் சொல் என்ன?" என்று வேண்டுமென்றே கேட்கும்போது அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். ஆனால் தன்னையறியாமல் நழுவி விழுந்த சின்னச் சின்னச் சொற்கள் பெரும்பாலும் ஜெர்மன். ஸ்வீடிஷுக்கு ஆங்கிலம், ஜெர்மன் இரண்டுமே உறவுக்கார மொழிகள். அப்படியிருந்தும் நாவில் முந்திக்கொண்டது தாய்மொழி அல்ல, இடையில் கற்ற மொழி.

வீடு மாறியவர் இருட்டில் ஸ்விட்சைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். அவர் கை பிறந்து வளர்ந்த வீட்டின் சுவர்ப்பக்கம் போகாது, போன மாதம் காலி செய்த வாடகை வீட்டில் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்தான் போகும். மூன்றாம் மொழிக்குள் நுழையும் மூளையும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துகொள்கிறது. 'இது என் மொழி இல்லை, வெளிமொழி' என்று நினைத்ததுமே தாய்மொழியை அடக்கி வைத்துவிட்டு, முன்பு கற்ற வெளிமொழியை எடுக்கிறது. தமிழ் நமக்குத் தானாக வந்தது. ஆங்கிலமோ விதி, பட்டியல், தேர்வு என்று படித்து வந்தது. ஜப்பானியமும் அதே வழியில் வருவதால் ஆங்கிலத்தின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. எல்லாருக்கும் எப்போதும் இப்படித்தான் என்று விதி இல்லை. புதுமொழி எதைப் போல இருக்கிறதோ அதன் பக்கம்தான் மூளை சாயும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் தொடக்கநிலை ஜப்பானிய வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தால் ஆங்கிலம் முந்திக்கொள்வது நன்றாகத் தெரியும்.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போமா? 'நேற்று கடையில் வாங்கிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.' ஜப்பானியத்தில் இது 'கினோ மிஸெ தெ கத்த ஹொன் ஒ யொந்தெ இரு'. கினோ என்றால் நேற்று. மிஸெ என்றால் கடை, அதன் பின்னால் வரும் 'தெ' நம்முடைய 'இல்'. கத்த என்றால் வாங்கிய. ஹொன் என்றால் புத்தகம், பின்னால் வரும் 'ஒ' நம்முடைய 'ஐ'. யொந்தெ என்றால் படித்து, இரு என்றால் இருத்தல். ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. தமிழ் வாக்கியத்தை இடமிருந்து வலமாகத் தொட்டுக்கொண்டே போனால் போதும்.

இதையே ஆங்கிலம் வழியாகச் செய்கிறவர் படும் பாட்டைப் பாருங்கள். ஆங்கிலத்தில் முதலில் 'நான்' வரவேண்டும், உடனே வினை, பிறகு புத்தகம், அப்புறம் 'விச்' போட்டு எங்கே எப்போது வாங்கியது என்ற விவரம். ஆகவே அவர் 'வதாஷி வ' என்று, அதாவது 'நான்' என்று தொடங்குகிறார். பேசுகிறவர் யார் என்பது தெரிந்திருக்கும்போது ஜப்பானியர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. அடுத்து 'விச்'சுக்கு ஜப்பானியச் சொல் என்ன என்று தேடுகிறார். அப்படி ஒரு சொல் அங்கே இல்லை. வாங்கிய என்பதைப் புத்தகத்துக்கு முன்னால் வைத்தால் வேலை முடிந்தது. இது நாம் ஒன்பதாம் வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த பெயரெச்சம்தான். சொல்லப்போனால் தமிழைவிட இங்கே சுலபம். நமக்கு 'வாங்கினேன்' வேறு, 'வாங்கிய' வேறு. ஜப்பானியத்தில் இரண்டுக்கும் 'கத்த' ஒன்றே.

பெயரெச்சத்துக்குப் பக்கத்தில் வினையெச்சம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? வாங்கி, போய், படித்து என்று முடியாமல் நிற்கும் வினை. ஜப்பானியத்தில் இதற்கு 'தெ' வடிவம் என்று பெயர். மாணவர்கள் அஞ்சுகிற இடம் இது. ஒவ்வொரு வினைக்கும் இந்த வடிவத்தை உருவாக்கும் விதிகளை மனப்பாடம்தான் செய்யவேண்டும், அதில் தமிழ் உதவாது. உருவாக்கிய பிறகு அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் ஆங்கிலப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறது. தமிழருக்கு அந்த விளக்கம் தேவையே இல்லை.

'கத்தெ' என்றால் வாங்கி. 'மிரு' என்றால் பார். 'கத்தெ மிரு' என்றால் வாங்கிப் பார். கண்ணால் பார்ப்பதல்ல, முயன்று பார்ப்பது. தமிழிலும் அதே பொருள்தான். 'ஒகு' என்றால் வை. 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை, பின்னால் தேவைப்படும் என்று இப்போதே. 'குரு' என்றால் வா. 'கத்தெ குரு' என்றால் வாங்கிக்கொண்டு வா. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் 'இத்தெகிமாஸ்' என்பார்கள். பிரித்தால் 'போய் வருகிறேன்'. 'இத்தெ ஷிமாத்த' என்றால் போய்விட்டார், நம் 'விட்டார்' போலவே சில சமயம் ஐயோ என்ற தொனியோடு. ஆங்கில வழி படிப்பவருக்கு இவை தனித்தனிப் பாடங்கள். நாமோ இவற்றைத் துணைவினை என்ற ஒரே தலைப்பில் பள்ளியிலேயே படித்து முடித்துவிட்டோம்.

இதில் ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். முன்னே பார்த்த 'யொந்தெ இரு'வை ஆங்கிலப் புத்தகம் 'ரீடிங்' என்பதைப் போல, அந்த 'இங்' ஒட்டைப் போல விளக்குகிறது. மாணவரும் மனதில் 'தெ இரு என்றால் இங்' என்று எழுதிக்கொள்கிறார். சில வாரம் கழித்து 'இத்தெ இரு' வருகிறது. இத்தெ என்றால் போய். இங் விதிப்படி அவர் 'போய்க்கொண்டிருக்கிறார்' என்று பொருள் கொள்கிறார். தவறு. 'அப்பா ஒஸாகாவுக்கு இத்தெ இரு' என்றால் அப்பா ரயிலில் இல்லை, ஒஸாகாவில் இருக்கிறார். இப்போது தமிழில் பிரித்துப் பாருங்கள்: போய் இரு, போயிருக்கிறார். உடைத்த துண்டுகளே சரியான பொருளைக் கொடுத்துவிடுகின்றன. 'கெக்கொன் ஷிதெ இரு' என்பதும் இப்படித்தான். கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை, கல்யாணமாகியிருக்கிறது, அதாவது மணமானவர்.

தமிழை இங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 'யொந்தெ இரு'வைத் துண்டு துண்டாக மாற்றினால் 'படித்திருக்கிறேன்' என்றுதானே வரும்? ஆனால் வழக்கமான பொருள் படித்துக்கொண்டிருக்கிறேன். நாம் 'கொண்டு' சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டாகப் பிரிப்பதை ஜப்பானியம் ஒரே வடிவத்தில் அடக்குகிறது. எது எப்போது என்பதை வினையின் இயல்பு முடிவு செய்கிறது. படிப்பது, ஓடுவது, சாப்பிடுவது எல்லாம் நேரம் எடுத்து நடப்பவை, அவற்றோடு 'இரு' சேர்ந்தால் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். போவது, சாவது, மணமாவது எல்லாம் ஒரு கணத்தில் நிலை மாறிவிடுபவை, அவற்றோடு சேர்ந்தால் மாறி முடிந்த நிலையில் இருக்கிறது என்று பொருள். கிண்டாய்ச்சி ஹருஹிகோ என்ற ஜப்பானிய அறிஞர் 1950-இல் வினைகளை இப்படி வகைப்படுத்தினார். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். 'கொண்டு' போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே எது பொருந்துகிறது என்று காது சொல்லிவிடும்.

இப்போது ஒலிக்கு வருவோம். ஜப்பானியத்தில் குறில் நெடில் வேறுபாடு உயிர்நாடி. 'பிரு' என்றால் கட்டடம், 'பீரு' என்றால் பீர். 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. படு, பாடு என்று வளர்ந்த காதுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஜப்பானியத்தை ரோமன் எழுத்தில் படிக்கிறோம். அந்த எழுத்தைப் பார்த்ததுமே ஆங்கில வாசிப்புப் பழக்கம் முன்னே வந்து, நெட்டெழுத்துக்கு உரிய கோட்டை விட்டுவிட்டுப் படிக்கிறது. காதில் நெடில் குறில் இருந்தும் வாய் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழ் தெரிந்தவர் பாட்டியை அத்தையாக்கினால் பழி ரோமன் எழுத்தின் மேல்தான்.

சரி, ரோமனை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்துக்கொள்ளலாமா? அங்கேதான் தமிழ் காலை வாருகிறது. சொல்லுக்கு நடுவே ஒற்றையாக வரும் க, த, ப எல்லாவற்றையும் நாம் மெலிவாகத்தான் ஒலிப்போம். 'அது' என்று சொல்லிப் பாருங்கள். வலிவாக ஒலிக்கவேண்டுமானால் 'பத்து' என்று இரட்டிக்கவேண்டும். ஜப்பானியத்திலோ ஒற்றையாக வரும்போதே வலிவும் உண்டு, மெலிவும் உண்டு, இரட்டிப்பது மூன்றாவது. 'வந்து' என்பதற்கான சொல் ஒற்றைத் தகரத்தோடு வலிவாக வருகிறது, அஞ்சல்தலைக்கான சொல் இரட்டைத் தகரத்தோடு வருகிறது. முதலாவதைத் தமிழில் 'கிதெ' என்று எழுதினால் வாய் மெலிவாக்கிவிடும், 'கித்தெ' என்று எழுதினால் அஞ்சல்தலையாகிவிடும். மேலே நான் எழுதிய 'ஒகு'வையும் நீங்கள் மெலிவாகவே படித்திருப்பீர்கள், அது உண்மையில் வலிவு. இந்த ஓர் இடத்தில் உதவிக்கு வருவது ஆங்கிலம். சொல்லின் நடுவே ஒற்றையாக நிற்கும் வல்லொலியை வலிவாகவே சொல்லும் பழக்கத்தை ஆங்கிலம் நமக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. ஹிரகானா எழுத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று விதமாக எழுத வழி உண்டு. ஆகவே முதல் வாரத்திலேயே ஹிரகானா கற்றுக்கொண்டு, ரோமன், தமிழ் இரண்டு எழுத்தையும் ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

ஒரு தவறு நடந்தால் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். 'எனக்கு சுஷி பிடிக்கும்' என்பதற்கு ஜப்பானியம் 'வதாஷி வ ஸுஷி க ஸ்கி'. 'வ' என்பது இதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சுட்டும் சொல், 'க' எழுவாயைக் காட்டுவது. ஒரு மாணவர் 'ஸுஷி ஒ ஸ்கி' என்கிறார், அதாவது சுஷியோடு 'ஐ' சேர்க்கிறார். அது ஆங்கிலத்தின் கைவேலை, ஏனென்றால் ஆங்கிலத்தில் சுஷி செயப்படுபொருள். இன்னொருவர் 'வதாஷி நி' என்று தொடங்குகிறார். 'நி' என்பது நம் 'கு'. அது தமிழின் கைவேலை. ஆனால் இதே 'நி' 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்று சொல்லும்போது மிகச் சரியாகப் பொருந்தும். அங்கே ஆங்கில வழியில் போகிறவர்தான் 'வைத்திருக்கிறேன்' என்ற வினையைப் போட்டு, தம்பியைக் கையில் பிடித்திருப்பதாகச் சொல்லிவிடுவார்.

தமிழ் தனியாகவே ஏமாற்றும் இடமும் உண்டு. 'இரு' என்ற வினை ஒலியிலும் பொருளிலும் நம்முடையதைப் போலவே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, 'மேசைமேல் புத்தகம் இருக்கிறது' என்பதற்கும் அதையே போட்டுவிடுகிறோம். ஜப்பானியத்தில் உயிருள்ளவைதான் 'இரு'. உயிரற்றவைக்கு 'அரு'. புத்தகம் 'ஹொன் க அரு'. ஒலி ஒத்துப்போவது வெறும் தற்செயல், ஆனால் அது பிடித்து வைக்கும் பிடி பலமானது.

இதையெல்லாம்விடப் பிடிவாதமான தவறு, தமிழும் ஆங்கிலமும் கைகோத்துக்கொள்ளும் இடத்தில் வருகிறது. யாராவது கூப்பிட்டால் நாம் 'இதோ வரேன்' என்கிறோம். ஆங்கிலத்திலும் 'கமிங்' என்றுதான் சொல்கிறோம். ஜப்பானியர் அந்த இடத்தில் 'இம இகிமாஸ்' என்பார், 'இப்போது போகிறேன்'. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் போகிறார் அல்லவா? இரண்டு மொழிகளும் ஒரே சாட்சி சொல்வதால் நமக்குச் சந்தேகமே வராது. ஆங்கிலமும் தமிழும் மோதும் இடங்களிலாவது கொஞ்சம் தயங்குவோம். ஒத்துப்போகும் இடத்தில் தயக்கமே இல்லாமல் தவறுவோம். என் கணிப்பில், இடைநிலையைத் தாண்டிய மாணவரிடமும் மிஞ்சி நிற்பவை இந்த வகைத் தவறுகள்தான்.

ஆங்கிலத்துக்கு ஜப்பானியத்தில் வேலையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே அன்றாடச் சொற்களில் ஆங்கிலத்திலிருந்து போனவை ஏராளம், அவை கத்தகானா என்ற தனி எழுத்தில் எழுதப்படும். வேடிக்கை என்னவென்றால் இவற்றைப் பிடிக்கவும் பள்ளிக்கூட ஆங்கிலத்தைவிட நம் தெருப்பேச்சு ஆங்கிலமே பொருத்தம். மெய்யெழுத்தில் முடியும் சொல்லோடு நாம் உகரம் சேர்த்து பஸ்ஸு, டேப்பு என்கிறோம். அவர்கள் 'பஸு', 'டேபு' என்கிறார்கள். நமக்கு நோட்டு என்றால் எழுதும் நோட்டு, அவர்களுக்கும் 'நோட்டொ' என்றால் அதேதான். 'பைக்கு' என்றால் இருவருக்கும் மோட்டார் சைக்கிள், லண்டன்காரருக்குத்தான் குழப்பம். ஆனால் 'ஸுமாட்டொ' என்றால் புத்திசாலி இல்லை, ஒல்லியானவர். 'மன்ஷொன்' என்றால் மாளிகை இல்லை, அடுக்குமாடி வீடு. 'கன்னிங்கு' என்றால் தேர்வில் காப்பியடிப்பது. சொல் ஆங்கிலம்போல் ஒலிக்கும் இடத்தில் பொருளை அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்வது உத்தமம்.

இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்ததும் தமிழும் ஜப்பானியமும் அக்கா தங்கையோ என்று கேட்கத் தோன்றும். ஒனோ சுசுமு (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், எச்சங்களைக் கோத்து வாக்கியம் கட்டுவதும் கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் உண்டு. உறவு இருக்கிறதோ இல்லையோ, கற்பவருக்கு அமைப்பு ஒத்திருந்தால் போதும். அதே சமயம் அமைப்பு ஒத்திருப்பதால் எல்லாம் வந்துவிடாது. 2010-இல் வெளியான பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 கான்ஜி எழுத்துகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. எழுதி எழுதித்தான் பழகவேண்டும்.

நீங்கள் ஜப்பானியம் படிக்கத் தொடங்கியிருந்தால் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். பாடப்புத்தகத்தில் புது வாக்கிய அமைப்பு வரும்போது ஆங்கில விளக்கத்தைப் படிப்பதற்கு முன், மாதிரி வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டுக்குக் கீழும் தமிழ்ப் பொருளை எழுதுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். அது தமிழாகவே ஒலித்தால் விளக்கத்தைத் தாண்டிப் போகலாம். ஒலிக்காவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் ஆங்கில விளக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள்.